பலிக்காத கனவுகளை யார் எண்ணினார்கள்?

கேள்வி: எங்கள் பெரியப்பாவுக்கு 78 வயது. சர்க்கரை உண்டு, மற்றபடி நடமாடிக்கொண்டுதான் இருந்தார். போன மாதம் ஒரு விடியற்காலையில் அவர் இறந்துபோன மாதிரி கனவு கண்டேன். மறுநாளே போன் வந்தது, போய்விட்டார். இதை எப்படித் தற்செயல் என்று சொல்ல முடியும்? கனவு முன்கூட்டியே சொல்லுமா?

பதில்:

முதலில் ஒரு கணக்கைப் போட்டுவிடுவோம். அதற்குச் சில அனுமானங்கள் வேண்டும். எல்லாவற்றையும் உங்கள் சந்தேகத்துக்குச் சாதகமாக, குறைத்தே வைக்கிறேன். 78 வயதை ஒட்டிய 100 பேரில் ஒரு வருடத்தில் 6 பேர் இறக்கிறார்கள் என்று கொள்வோம். அப்படியானால் அந்த வயதில் உள்ள ஒருவர் குறிப்பிட்ட ஒரு நாளில் இறப்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 6,000-இல் 1. தமிழ்நாட்டில் வயதுவந்தவர்கள் 5 கோடிப் பேர் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் அதைவிட அதிகம். ஒவ்வொருவரும் 10 வருடத்துக்கு ஒரே ஒரு முறை, வீட்டுப் பெரியவர் ஒருவர் இறப்பதாகக் கனவு காண்கிறார் என்போம். வருடத்துக்கு 50 லட்சம் கனவுகள்.

50 லட்சத்தை 6,000-ஆல் வகுத்தால் 833 வரும். கனவு கண்ட மறுநாளே அதே பெரியவர் இறந்துபோகும் சம்பவம் வருடத்துக்கு 800-க்கு மேல், அதாவது தினமும் இரண்டு வீட்டில், எந்த மர்மமும் இல்லாமல் நடந்தாக வேண்டும். நடக்கவில்லை என்றால்தான் அதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

"சரி, ஆனால் அது ஏன் எனக்கு நடக்க வேண்டும்?" என்ற கேள்வி அடுத்து வரும். இதே எண்ணை உங்கள் பக்கமிருந்து பாருங்கள். ஒருவருக்கு ஒரு வருடத்தில் இது நேர்வதற்கான வாய்ப்பு 60,000-இல் 1. ஐம்பது வருட வாழ்க்கைக்கு 1,200-இல் 1. தனி ஆளுக்கு இது அபூர்வம்தான். ஆனால் வயதுவந்தவர்கள் 1,200 பேர் வாழும் ஊரில் சராசரியாக ஒருவருக்கு வாழ்நாளில் நடந்திருக்கும். அந்த ஒருவரின் கதை ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். மீதி 1,199 பேரிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

இந்தக் கணக்கு ஒரே வகைக் கனவுக்கு, ஒரே நாள் அவகாசத்துக்கு மட்டும் போட்டது. "மறுநாள்" என்பதை "ஒரு வாரத்துக்குள்" என்று தளர்த்தினால் 833 என்பது 5,800-ஐத் தாண்டும். விபத்து, கர்ப்பம், வேலை, பரீட்சை முடிவு, வெகுநாள் கழித்துத் திடீரென வந்து நிற்கும் நண்பர் என்று பிற வகைகளையும் சேர்த்தால், வாழ்நாளில் ஒருமுறையாவது கனவு பலித்ததாகத் தோன்றாதவர்தான் அரிதாக இருப்பார். ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு ஒரு குறிப்பிட்ட பொருத்தம் அமைவது கடினம். யாரோ ஒருவருக்கு ஏதோ ஒரு பொருத்தம் அமைவது ஏறக்குறைய நிச்சயம். இரண்டும் வேறு வேறு கேள்விகள். நாம் முதல் கேள்விக்கான வியப்பை இரண்டாவது கேள்வியின் மேல் ஏற்றிவிடுகிறோம்.

கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கனவுகள் வருடம் முழுக்க ஒரே சீராகப் பரவி வருவதில்லை. பெரியவர் நன்றாக இருக்கும்போது அவருடைய சாவு கனவில் வருவது குறைவு. குரல் தளர்ந்தபோது, காலில் வீக்கம் தெரிந்தபோது, அல்லது "பெரியப்பா முன்ன மாதிரி இல்லை" என்று அடுப்படியில் யாரோ சொன்னது காதில் விழுந்தபோது வரும். சரியாக அந்த நாட்களில்தான் அவர் இறப்பதற்கான வாய்ப்பும் 6,000-இல் 1 என்பதிலிருந்து பல மடங்கு கூடியிருக்கும். ஆக இந்த ஓட்டை பொருத்தங்களைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. கவலை விழிப்பில் சேகரித்த செய்தியைத்தான் கனவு எடுத்துக்கொள்கிறது. சேகரித்த இடம் மறந்துபோவதால் செய்தி எங்கிருந்தோ வந்த மாதிரி இருக்கிறது. 78 வயது, நீண்டநாள் சர்க்கரை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு அடிப்படை உண்டு, ஆனால் வேறு விதமாக. உறக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் ஒரு கட்டம் வரும். ரெம் உறக்கம் என்று இதைச் சொல்வார்கள். 1953-இல் சிகாகோவில் அசரின்ஸ்கியும் கிளைட்மனும் இதை வெளியிட்டார்கள். தெளிவான, கதைபோல் நீளும் கனவுகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வருகின்றன. முன்னிரவில் இது சில நிமிடங்களே இருக்கும். விடியலை நெருங்கும்போது அரைமணி நேரம்வரைகூட நீளும். போதாததற்கு, அந்தக் கட்டத்திலிருந்தே நேராக விழிக்கிறோம். கனவு நினைவில் தங்க வேண்டுமானால் அதிலிருந்து உடனே விழிக்க வேண்டும்; சில நிமிடம் தாண்டினாலே பெரும்பகுதி கரைந்துவிடும். இரவு 12 மணிக்குக் கண்ட கனவு பலித்ததா இல்லையா என்று பார்க்கவே வழியில்லை, அதுதான் கையில் இல்லையே. பலித்ததாகச் சொல்லப்படும் கனவுகள் விடியற்காலைக் கனவுகளாக இருப்பதற்குக் காரணம், நம்மிடம் மிஞ்சுபவையே அவைதான் என்பது.

இனி நினைவின் பக்கம். தற்செயலைவிட இது முக்கியம் என்று நினைக்கிறேன்; கணக்கு யாருக்கும் எளிதில் புரிந்துவிடும், நினைவு நம்மை ஏமாற்றுகிறது என்பதை யாரும் தன் விஷயத்தில் ஏற்பதில்லை.

பலித்த கனவுக்குப் பின்னால் ஒரு நிகழ்ச்சி வந்து அதை எழுப்புகிறது. போன் வந்தவுடன் "நேற்றுத்தான் கனவு கண்டேனே" என்று தோன்றுகிறது. பலிக்காத கனவுக்கு அப்படி எழுப்பிவிட ஒன்றுமே வராது. பெரியப்பா இறந்ததாகக் கனவு கண்ட மறுநாள் அவர் வழக்கம்போல் காபி குடித்தால், "கனவு பொய்த்துவிட்டது" என்ற செய்தியோடு யாரும் போன் செய்வதில்லை. அந்தக் கனவு பொய்த்த நேரம் என்று ஒரு நேரமே கிடையாது. ஆகவே அது தோல்வியாகப் பதிவதும் இல்லை, சும்மா மறைந்துபோகிறது.

இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கரோலின் வாட் என்ற உளவியலாளரின் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவருடைய கனவுக் குறிப்பையும் அவருக்குப் பிறகு நடந்தவற்றின் குறிப்பையும் மக்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். சில கனவுகள் பின்னால் நடந்ததோடு பொருந்தும், சில பொருந்தாது. பிறகு நினைவிலிருந்து கனவுகளைச் சொல்லச் சொன்னபோது பொருந்திய கனவுகளே அதிகம் வந்தன. கவனிக்க வேண்டியது, இவை அவர்களுடைய சொந்தக் கனவுகள்கூட இல்லை. பெரியப்பாவும் இல்லை, துக்கமும் இல்லை. ஒரு தாளைப் படித்ததற்கே இப்படி. இதற்கு முன்பே 1993-இல் மேடியும் கிலோவிச்சும் செய்த ஆய்வில் இன்னொரு நுணுக்கம் தெரிந்தது: "எப்போதாவது நடக்கும்" என்று நாள் குறிக்காத எதிர்பார்ப்பில்தான் இந்தச் சாய்வு வலுவாக இருக்கிறது. எப்போது பார்க்க வேண்டும் என்பது முன்பே தெரிந்திருந்தால், நடந்ததும் நடக்காததும் ஒன்றுபோல நினைவில் நிற்கின்றன.

நம் ஊர்க் கனவுப் பலன்களின் அமைப்பை இதோடு வைத்துப் பாருங்கள். முதல் சாமத்தில் கண்டால் ஒரு வருடத்தில் பலிக்கும், இரண்டாம் சாமம் எட்டு மாதம், மூன்றாம் சாமம் மூன்று மாதம், விடியலில் கண்டால் பத்து நாள் என்று ஒரு கணக்கு உண்டு. பத்து நாள் என்பதே 6,000-இல் 1-ஐ 600-இல் 1 ஆக்கிவிடுகிறது. ஒரு வருடம் என்றால் அந்த வயதினருக்கு 100-இல் 6. கூடவே எதிர்மறைப் பலன்: கனவில் கல்யாணம் கண்டால் சாவுச் செய்தி, சாவைக் கண்டால் ஆயுசு கெட்டி. அப்படியென்றால் பெரியப்பா இறந்தாலும் கனவு பலித்தது, இறக்காவிட்டாலும் பலித்தது. இதற்கெல்லாம் மேலே, கெட்ட கனவை வெளியே சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடு. சொல்லாமல் வைத்த கனவுக்குச் சாட்சி இல்லை. நடந்த பிறகு சொல்லும்போது அது எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். திட்டமிட்டு யாரும் இப்படி அமைத்திருக்க மாட்டார்கள். ஆனால் தோல்வி என்பதே பதிவாகாத ஒரு முறை தானாகவே இதில் உருவாகிவிட்டது.

"எப்படி வேண்டுமானாலும்" என்று சொன்னது மிகையில்லை. கனவின் நினைவு தொடக்கத்திலேயே ஓட்டை விழுந்தது. இடம் ஒரே சமயத்தில் பழைய வீடாகவும் பள்ளிக்கூடமாகவும் இருக்கும், ஆள் பாதி பெரியப்பா பாதி பழைய வாத்தியார். நிகழ்ச்சி நடந்த பின் அதை நினைக்கும்போது, பொருந்தும் பகுதி வெளிச்சத்துக்கு வருகிறது, பொருந்தாதது உதிர்கிறது. "யாரோ வயதானவர், வெள்ளை வேட்டி, நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்" என்பது ஒரு வாரத்தில் "பெரியப்பாவைக் கிடத்தியிருந்தார்கள்" ஆகிறது. இது பொய் அல்ல. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் நினைவு மறுபடி கட்டப்படுகிறது, கட்டும்போது கையில் இருக்கும் புதுச் செய்தியும் சேர்ந்துவிடுகிறது. சொல்பவருக்கு அது முழு உண்மையாகவே தெரியும். எத்தனை உறுதியாக நினைவிருக்கிறது என்பது எத்தனை சரி என்பதற்கு அளவுகோல் ஆகாது.

ஆகவே தீர்ப்புச் சொல்லும் தகுதி, நிகழ்ச்சி தெரியவருவதற்கு முன்பே எழுத்தில் பதிந்த கனவுகளுக்குத்தான் உண்டு; அவற்றிலும் பலித்தவை மட்டுமல்ல, எல்லாமே இருக்க வேண்டும். இப்படி ஒரு தொகுப்பு பெரிய அளவில் ஒருமுறை கிடைத்தது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

1932 மார்ச் 1 இரவு, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், அட்லாண்டிக் கடலைத் தனியாக விமானத்தில் கடந்து பெயர்பெற்ற சார்லஸ் லிண்ட்பெர்க்கின் 20 மாதக் குழந்தை தொட்டிலிலிருந்து கடத்தப்பட்டது. நாடு முழுக்க அதே பேச்சு. ஏப்ரலில் 50,000 டாலர் மீட்புப் பணமும் கொடுத்தார்கள், குழந்தை வரவில்லை. இந்த இடைவெளியில் ஹார்வர்டின் உளவியல் மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ஹென்றி மர்ரேயும் வீலரும், இந்தக் கடத்தல் பற்றிக் கனவு கண்டவர்கள் எழுதி அனுப்புங்கள் என்று பத்திரிகை வழியாகக் கேட்டார்கள். 1,300-க்கு மேல் கனவுகள் வந்தன. மே 12 அன்று, வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில், சாலையோர மரங்களுக்கிடையே, ஆழமில்லாத குழியில் அரைகுறையாகப் புதைந்த நிலையில் குழந்தையின் உடல் கிடைத்தது.

இப்போது சரிபார்க்கலாம். உண்மை நிலவரத்துக்கு மூன்று கூறுகள்: குழந்தை இறந்துவிட்டது, புதைக்கப்பட்டிருக்கிறது, மரங்களுக்கிடையே. குழந்தை இறந்ததாகக் காட்டிய கனவுகளே சுமார் 5 சதவீதம்தான், அதாவது 65 போல. மூன்று கூறும் சேர்ந்து இருந்தவை 4. மர்ரேயும் வீலரும் இதை 1937-இல் வெளியிட்டார்கள்.

நான்கு என்பது அதிகமா, குறைவா? கடத்தப்பட்ட குழந்தைக்கு என்ன ஆகியிருக்கும் என்று விழித்திருந்து யோசிக்கும் ஒருவருக்கு எத்தனை வழிகள் தோன்றும்? உயிரோடு இருக்கும், அல்லது இறந்திருக்கும். இறந்திருந்தால் மண்ணில், நீரில், அல்லது ஏதாவது கட்டடத்தில். மண்ணில் என்றால் ஆள் நடமாட்டமில்லாத மரங்கள் சூழ்ந்த இடம்தான் எல்லாருக்கும் முதலில் வரும். வெறும் யூகத்திலேயே 325-இல் 1 என்ற அளவுக்கு இந்தச் சேர்க்கை கிடைத்துவிடும். அதைவிடக் கூடுதலாகவும் எதிர்பார்க்கலாம். கனவுகள் கண்டுபிடிக்கவில்லை, ஊர் நம்பிக்கையைத் திருப்பிச் சொன்னன. குழந்தை திரும்பிவரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள், 95 சதவீதக் கனவுகளில் குழந்தை இறக்கவில்லை.

அந்த நான்கு பேரின் இடத்திலிருந்து யோசியுங்கள். மே 13 காலைச் செய்தித்தாளைப் பிரித்தபோது அவர்களுக்கு உடம்பு சிலிர்த்திருக்கும். இந்தத் தொகுப்பு இல்லாமல் அவர்கள் நான்கு பேரை மட்டும் நாம் சந்தித்திருந்தால் நாமும் நம்பியிருப்போம். மீதி 1,300-ஐப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பழைய கிரேக்கக் கதை ஒன்றை ரோமானிய அறிஞர் சிசரோ சொல்கிறார். கடவுள் நம்பிக்கையற்ற தியாகோரஸிடம் நண்பர் ஒருவர் சமோத்ராக் தீவில் ஓவியங்களைக் காட்டினாராம். புயலில் வேண்டிக்கொண்டு பிழைத்தவர்கள் காணிக்கையாக வைத்தவை. "இத்தனை பேர் பிழைத்திருக்கிறார்களே" என்றார் நண்பர். "வேண்டிக்கொண்டும் மூழ்கியவர்களின் ஓவியம் எங்கே இருக்கிறது?" என்றாராம் தியாகோரஸ்.

இதற்கு எதிர்ப்பக்கமாகப் பலரும் காட்டும் சம்பவம் வேல்ஸ் நாட்டின் அபர்வன். 1966 அக்டோபர் 21 காலை, மலைமேல் கொட்டி வைத்திருந்த நிலக்கரிச் சுரங்கக் கழிவு சரிந்து கீழே இருந்த பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர் இறந்தார்கள், அதில் 116 பேர் குழந்தைகள். மனநல மருத்துவர் ஜான் பார்க்கர் லண்டன் பத்திரிகை ஒன்றின் மூலம், இதை முன்கூட்டி உணர்ந்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டார். 76 கடிதங்கள் வந்தன. இறந்த சிறுமி ஒருத்தி, "பள்ளிக்கூடத்துக்குப் போனேன், பள்ளிக்கூடமே இல்லை, கறுப்பாக ஏதோ மேலே வந்து மூடியிருந்தது" என்று முன்தினம் அம்மாவிடம் கனவைச் சொன்னதாகவும் பதிவு இருக்கிறது.

படித்தால் மனம் கனக்கும். ஆனால் லிண்ட்பெர்க் தொகுப்போடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அபர்வனில் கேட்டது பேரழிவு நடந்து, படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்த பிறகு. கேட்டதும் பொருந்தும் கனவுகளை மட்டும். அன்றைய பிரிட்டனில் 5 கோடிக்கு மேல் மக்கள். குழந்தைகள் புதையும், மண் சரியும், இருட்டு மூடும் கெட்ட கனவுகள் அந்த மாதம் எத்தனை வந்தன என்ற எண் யாரிடமும் இல்லை. அந்த எண் இல்லாமல் 76 என்பதற்குப் பொருளே கிடையாது. சிறுமியின் கனவு நடந்த பிறகு பெற்றோர் சொல்லி எழுதப்பட்டது. அதை அப்படியே உண்மை என்று கொண்டாலும், அந்தக் கழிவுக் குவியல் ஊருக்குப் பழைய பயம். பள்ளிக்குப் பின்னால் கொட்டப்படும் நிலக்கரிச் சேறு ஆபத்தானது என்று உள்ளாட்சிப் பொறியாளர் 1963-லேயே கடிதம் எழுதியிருந்தார். வீடுகளில் பேசப்பட்ட அச்சம் குழந்தையின் கனவில் வந்ததற்கு எதிர்காலம் தேவையில்லை. அந்த ஊரில் அச்சத்துக்குக் காரணம் இருந்தது, கேட்க வேண்டியவர்கள்தான் கேட்கவில்லை.

பார்க்கருக்கு நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். குறை அவருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் 1967-இல் முன்னுணர்வுகளை நடப்பதற்கு முன்பே தேதியோடு பதிந்து வைக்கும் அலுவலகம் ஒன்றை அந்தப் பத்திரிகையோடு சேர்ந்து தொடங்கினார். நூற்றுக்கணக்கில் கடிதங்கள் வந்தன. பொருந்தியதாக எண்ணப்பட்டவை மிகச் சில, அவற்றிலும் பெரும்பாலானவை இரண்டே பேரிடமிருந்து. எந்த விபத்தும் இதனால் தடுக்கப்படவில்லை.

உங்களுக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் நீங்களே சோதிக்கலாம். மூன்று மாதமும் ஒரு நோட்டும் போதும். விழித்தவுடன் போனை எடுக்காமல், புரண்டு படுக்காமல், ஐந்து நிமிடத்துக்குள் எழுதுங்கள்: தேதி, மணி, யார், எங்கே, என்ன நடந்தது. மங்கலாக இருந்ததை மங்கலாகவே எழுதுங்கள். எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து நம்பகமான ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் தேதியும் மணியும் மாற்ற முடியாதபடி நிற்கும். ஒவ்வொரு இரவும் நடந்ததையும் பத்து வரியில் வேறு நோட்டில் எழுதுங்கள்.

வெறுமனே இரண்டையும் ஒப்பிட்டால் பொருத்தங்கள் கட்டாயம் கிடைக்கும், ஏனென்றால் ஒரு கனவில் பத்துக் கூறுகள், ஒரு நாளில் நூறு நிகழ்ச்சிகள். ஆகவே போலிகளோடு கலக்க வேண்டும். 40 கனவுகள் சேர்ந்ததும், ஒவ்வொரு கனவுக்கும் அடுத்த மூன்று நாள் குறிப்பு ஒன்றையும், வேறு தேதிகளின் மூன்று நாள் குறிப்புகள் மூன்றையும் தட்டச்சு செய்து, தேதியை எடுத்துவிட்டுக் கலக்கச் சொல்லுங்கள். இதை ஒருவர் செய்யட்டும். உங்களை அறியாத இன்னொருவர், கனவைப் படித்து நான்கில் எது மிக நன்றாகப் பொருந்துகிறது என்று தேர்ந்தெடுக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலே நான்கில் ஒரு பங்கு, அதாவது 40-இல் 10 சரியாக வரும். 13, 14 என்பதெல்லாம் சாதாரண ஏற்ற இறக்கம். 16 அல்லது அதற்கு மேல் வருவது தற்செயலாக 100 சோதனைகளில் இரண்டு மூன்றில்தான் நடக்கும். அப்படி வந்தால் ஆர்வமாகிவிடாமல், முதலில் கசிவு எங்கே என்று தேடுங்கள்.

கசிவு பெரும்பாலும் மூன்று இடத்தில் இருக்கும். ஒன்று, தெரிந்த திட்டம்: வெள்ளிக்கிழமை ரயில் என்று தெரிந்திருந்தால் வியாழன் இரவு ரயில் கனவு வரும். அதனால் முன்பே தெரிந்த பயணம், பரீட்சை, விசேஷம் ஆகியவற்றைக் குறிப்பிலிருந்து நீக்கிவிட வேண்டும். இரண்டு, தொடரும் விஷயம்: வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தால் அந்த வாரம் முழுக்கக் கனவிலும் ஆஸ்பத்திரி, குறிப்பிலும் ஆஸ்பத்திரி. போலிக் குறிப்புகள் அதே பதினைந்து நாளுக்குள் இருந்தால் இது ஓரளவு சமனாகும். மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை: கனவே உங்களைச் செய்ய வைத்தது. பழைய நண்பனைக் கனவில் கண்டு, அன்று அவனுக்கு நீங்களே மெசேஜ் அனுப்பி, அவன் கூப்பிட்டால் அது முன்னறிவிப்பு ஆகாது.

இடையில் ஒன்று. இறப்புக் கனவு கண்டு அது நடந்துவிட்டால் பலருக்கும், "முன்பே தெரிந்தும் ஒன்றும் செய்யவில்லையே" என்ற உறுத்தல் தங்கிவிடும். மேலே போட்ட கணக்கின்படி, அந்தக் கனவைக் கண்ட 6,000 பேரில் 5,999 பேரின் பெரியப்பா மறுநாள் நன்றாகவே இருந்தார். உங்களுக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை, செய்யத் தவறியதும் ஒன்றுமில்லை.

கனவு எதிர்காலத்தைப் பற்றி ஒருபோதும் எதுவும் சொல்லாது என்று நான் சொல்லவில்லை. உடம்பு விஷயத்தில் ஒரு விதிவிலக்கு உறுதியாக நிறுவப்பட்டிருக்கிறது. ரெம் உறக்கத்தின்போது மூளை நம் தசைகளைத் தளர்த்திக் கட்டிப்போடுகிறது. அதனால்தான் கனவில் ஓடினாலும் கட்டிலில் அசையாமல் கிடக்கிறோம். சிலருக்கு, பெரும்பாலும் 50 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு, இந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். யாரோ துரத்துவதாகக் கனவு வரும், அவர்கள் நிஜமாகவே குத்துவார்கள், உதைப்பார்கள், கத்துவார்கள், கட்டிலிலிருந்து விழுவார்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் ஷெங்க், மஹோவால்ட் ஆகிய மருத்துவர்களின் குழு 1986-இல் இதைத் தனி நோயாக விவரித்தது. பிறகு இப்படிப்பட்ட 29 ஆண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 1996-இல் வெளியிட்டபோது 11 பேருக்கு நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் வகை நோய் வந்திருந்தது. 2013-இல், விவரம் கிடைத்த 26 பேரில் 21 பேருக்கு அதுவோ அதைச் சார்ந்த மறதி நோயோ வந்திருந்தது. வராதவர்களையும் சேர்த்தே எண்ணியிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள்.

இங்கே கனவில் என்ன வந்தது என்பதற்குப் பலன் இல்லை. உறங்கும் உடம்பு அசைகிறதா என்பதே அறிகுறி. மூளைத்தண்டில் தொடங்கும் பாதிப்பு, கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே இப்படித் தெரிகிறது. வீட்டில் வயதானவர் யாராவது தூக்கத்தில் அடிக்கடி கைகால் வீசினால், கனவுப் பலன் பார்க்க வேண்டாம். கட்டிலை ஒட்டிக் கூர்மையான பொருள் இல்லாமல் பார்த்துக்கொண்டு, முடிந்தால் ஒரு வீடியோ எடுத்து, நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளாலும், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவதாலும்கூட இதுபோல நடக்கும் என்பதால், இரவு முழுக்க உறக்கத்தைப் பதிவுசெய்யும் பரிசோதனை செய்துதான் அவர் உறுதிப்படுத்துவார்.